43 டிகிரியில் நிற்காத தயிர்த் தொட்டி: பிஐடி டியூனிங்கும் இன்டக்ரல் வைண்ட்அப்பும்

கேள்வி: "அண்ணே, நாங்கள் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே தயிர் உறைய வைத்து விற்கிறோம். 20 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 1500 வாட் ஹீட்டர், ஆர்டுயினோ, DS18B20 சென்சார். பிஐடி நானே எழுதினேன்: Kp = 10, Ki = 0.02, Kd = 0. 43 டிகிரி வைத்தால் 49 வரை ஏறிவிடுகிறது. இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அப்புறம் 39 வரை விழுகிறது. Ki-ஐ 0 ஆக்கினால் 42.3-லேயே நின்றுவிடுகிறது. ஆட்டத்தைக் குறைக்கலாம் என்று Kp-ஐக் குறைத்தால் இன்னும் மோசம். எங்கே தவறு?"

தம்பி, இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: பிஐடி என்பது வைத்த வெப்பநிலைக்கும் இப்போதைய வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது பிழையை, வைத்து ஹீட்டரின் சூட்டை முடிவு செய்யும் கணக்கு; Kp இப்போதைய பிழையையும், Ki இதுவரை கூட்டிச் சேர்த்த பிழையான இன்டக்ரலையும், Kd பிழை மாறும் வேகத்தையும் பெருக்கும். ஹீட்டர் முழுச் சூட்டில் ஓடும்போதும் உங்கள் இன்டக்ரல் பிழையைக் கூட்டிக்கொண்டே போகிறது; இதுதான் வைண்ட்அப். அது போக, உங்கள் Kp மிகவும் குறைவு. ஆடுகிற கன்ட்ரோலரைப் பார்த்தால் எல்லோருக்கும் Kp-ஐக் குறைக்கத்தான் கை போகும். இந்த மாதிரித் தொட்டியில் அதைக் கூட்ட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் தொட்டியின் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,190 ஜூல் வேண்டும். 20 லிட்டருக்கு 84,000 ஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1500 வாட் ஹீட்டர் விநாடிக்கு 1500 ஜூல் கொடுக்கும். ஆக, ஒரு டிகிரி ஏற ஒரு நிமிடம் கூட ஆகாது. இறங்குவது எப்படி? அதற்கான பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. Ki இல்லாமல் 42.3-இல் நின்றது என்றால், மீதி 0.7 டிகிரி பிழையை Kp = 10 பெருக்கி 7 சதவீதம் சூடு கொடுத்திருக்கிறது. அந்த 7 சதவீதம், அதாவது 105 வாட், தொட்டி வெளியே விடுகிற வெப்பத்துக்குச் சரியாக இருந்ததால்தான் அங்கேயே நின்றது. ஹீட்டரை முழுதாக அணைத்தாலும் தொட்டி இழப்பது இந்த 105 வாட் மட்டும்தான். அந்த வேகத்தில் ஒரு டிகிரி இறங்க 13 நிமிடம் ஆகும்.

ஏற ஒரு நிமிடம், இறங்க 13 நிமிடம். நம் ஊரில் வெளிக்காற்றே 28, 30 டிகிரி. 43-க்கும் அதற்கும் இடைவெளி சின்னது. குளிர் நாட்டில் எழுதிய டியூனிங் குறிப்புகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு தெரியாது. இங்கே நாம் சூடாக்கலாம், குளிர வைக்க முடியாது. ஆறு டிகிரி தாண்டிவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பதைத் தவிர கன்ட்ரோலருக்கு வேறு வேலை இல்லை. தயிர் உறையும் நேரமே நாலைந்து மணிதான் என்பதால், அதில் கால்வாசிக்கு மேல் இப்படியே போய்விடும்.

இப்போது 49 எப்படி வந்தது என்று பார்ப்போம். 28-இலிருந்து 43 வரை ஏற ஏறக்குறைய 14, 15 நிமிடம். அந்த நேரம் முழுக்கப் பிழை 15-இலிருந்து 0-க்கு இறங்குகிறது, சராசரி 7.5. விநாடிக்கு ஒருமுறை அதைக் கூட்டினால் கடைசியில் தொகை 6,500 பக்கம் வரும். Ki 0.02-ஆல் பெருக்கினால் 130. அதாவது தண்ணீர் சரியாக 43-ஐத் தொடும் விநாடியில், பிழை பூஜ்யம் ஆன பிறகும், இன்டக்ரல் மட்டும் "130 சதவீதம் சூடு கொடு" என்கிறது. தேவை 7. ஹீட்டரால் 100-க்கு மேல் கொடுக்க முடியாது, அது இன்டக்ரலுக்குத் தெரியாது. 43-ஐத் தாண்டி இன்னும் இரண்டரை நிமிடம் ஹீட்டர் முழுச் சூட்டில்தான் ஓடும், அதற்குள் 45.5 வந்துவிடும். அப்புறம்தான் மெல்லக் குறைய ஆரம்பிக்கும். முழுதாக அணையும்போது 49.

கீழே 39 வரை விழுவதும் இதே கதைதான், தலைகீழாக. 49-இலிருந்து இறங்குகிற ஒரு மணி நேரமும் பிழை எதிர்மறை. இன்டக்ரல் விடாமல் கழித்துக்கொண்டே போய், மைனஸ் 170 பக்கம் வந்துவிடும். தண்ணீர் 43-க்குக் கீழே போன பிறகும், அந்தக் கடனைத் தீர்க்கும் வரை ஹீட்டர் எழாது. நீங்கள் பார்த்தது கோளாறான சென்சாரோ மோசமான ஹீட்டரோ இல்லை. எழுதியபடிதான் புரோகிராம் ஓடுகிறது.

"சரி, இன்டக்ரலை 0 முதல் 100-க்குள் அடைத்துவிட்டால் போதுமே" என்று தோன்றும். பல ரெடிமேட் லைப்ரரிகளும் இதைத்தான் செய்கின்றன. 39 வரை விழுவது அதனால் நின்றுவிடும், ஏனென்றால் மைனஸ் கடன் இனி இல்லை. ஆனால் மேலே பெரிதாக மாறாது. 130-க்குப் பதில் 100-இல் தொடங்குவீர்கள், அவ்வளவுதான். 49 என்பது 48-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தேவை 7 சதவீதமாக இருக்கும்போது 100 என்பது எல்லையே இல்லை.

சரியான வழி, வெளியீடு ஏற்கெனவே 100-இல் முட்டிக்கொண்டு நிற்கும்போது, இன்னும் கூட்டும் திசையில் பிழை இருந்தால் இன்டக்ரலைக் கூட்டாமல் விட்டுவிடுவது. 0-இல் நிற்கும்போது கழிக்கும் திசையிலும் அதே மாதிரி. ஹீட்டரால் முடிந்ததை எல்லாம் அது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும்போது, கணக்கில் மட்டும் ஏற்றி என்ன பயன்? அதோடு இன்டக்ரலின் மேல் எல்லையையும் 100 என்று விடாமல், தொட்டிக்கு உண்மையில் தேவைப்படுவதை வைத்து முடிவு செய்யுங்கள். உங்களுக்கு மூடி போட்டால் 7 சதவீதம். மூடியைத் திறந்தால் ஆவியாவதால் இழப்பு நன்றாகவே கூடும், மழை நாள் குளிரும் கொஞ்சம் சேரும். 25 வைத்தால் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும்.

```cpp
const float Kp = 60.0, Ki = 0.167, dt = 1.0;
const float iMax = 25.0;
float iTerm = 0;

float control(float sp, float t) {
  if (t < 5 || t > 70) return 0;
  float e = sp - t;
  float u = Kp * e + iTerm;
  bool stuckHigh = (u >= 100 && e > 0);
  bool stuckLow  = (u <= 0 && e < 0);
  if (!stuckHigh && !stuckLow) iTerm += Ki * e * dt;
  iTerm = constrain(iTerm, 0, iMax);
  return constrain(Kp * e + iTerm, 0, 100);
}
```

இதை விநாடிக்கு ஒருமுறை கூப்பிடுங்கள். `dt` 1.0 என்று இருப்பது அதனால்தான். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் கூப்பிட்டால் இன்டக்ரல் பல மடங்கு வேகமாக ஏறிவிடும்.

`control`-இன் முதல் வரியை அலட்சியமாக நினைக்காதீர்கள். DS18B20-இன் வயர் விட்டுப்போனால் வழக்கமான லைப்ரரி -127 என்று கொடுக்கும். பிழை 170 டிகிரி! ஹீட்டர் முழுச் சூட்டில் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் கொதிக்கும். சென்சார் நடுவில் ரீசெட் ஆகி, அளவெடுக்கும் முன் நீங்கள் படித்தால் 85 என்று வரும். 70-க்கு மேல் எது வந்தாலும் நம்பாமல் அணைப்பது அதற்காகத்தான்.

இப்போது 60-உம் 0.167-உம் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். இது அங்கே இங்கே பார்த்து எடுத்த நம்பர் இல்லை, உங்கள் தொட்டியில் ஒரே ஒரு சோதனையில் வருவது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள், மூடி போடுங்கள், பம்ப்பை ஓட விடுங்கள் (பம்ப் பற்றிக் கீழே சொல்கிறேன்). கன்ட்ரோலரை ஒதுக்கிவிட்டு ஹீட்டரை 100 சதவீதத்தில் போட்டு, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையை சீரியல் மானிட்டரில் அச்சிடுங்கள். ஏழெட்டு நிமிடம் போதும். அதை ஒரு கிராஃப் தாளில் போட்டால் முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது, அப்புறம் வளைந்து ஏறி, நேர்கோடாகப் போகும்.

அதிலிருந்து இரண்டே எண்கள் எடுக்க வேண்டும். ஒன்று, நேர்கோட்டின் சரிவு. உங்கள் 20 லிட்டருக்கு நிமிடத்துக்கு 1.05 டிகிரி பக்கம் வர வேண்டும். அதாவது விநாடிக்கு 0.0175. அது 100 சதவீதத்துக்கு, ஆக ஒரு சதவீதத்துக்கு 0.000175. இரண்டாவது, தாமதம். நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் தொடக்க வெப்பநிலையை எந்த விநாடியில் வெட்டுகிறதோ அதுதான் தாமதம். பம்ப் ஓடும் தொட்டியில், எவர்சில்வர் உறை போட்ட சென்சாரோடு, 30 விநாடி என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வருவதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. 40 டிகிரி காட்டும்போது ஹீட்டரை அணைத்துவிட்டுப் பாருங்கள். சரிவையும் தாமதத்தையும் பெருக்கினால் எவ்வளவு வருகிறதோ, 0.0175 × 30, அதாவது அரை டிகிரி, அவ்வளவு தானாக ஏறி நிற்க வேண்டும். இரண்டு டிகிரி ஏறினால் தாமதத்தைக் குறைவாக அளந்திருக்கிறீர்கள், அல்லது தண்ணீர் கலக்கவில்லை.

இனி Kp. தாமதத்தை மூன்றால் பெருக்குங்கள்: 90 விநாடி. அதை ஒரு சதவீதச் சரிவோடு பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் Kp கிடைக்கும். அதே 90-ஐ நாலால் பெருக்கினால் Ti, அதாவது இன்டக்ரலின் வேகத்தை முடிவு செய்யும் நேரம்; Kp-ஐ Ti-ஆல் வகுத்தால் Ki.

```
Kp = 1 / (0.000175 * 90) = 63.5
Ti = 4 * 90 = 360
Ki = Kp / Ti = 60 / 360 = 0.167
```

63.5-ஐ 60 என்று குறைத்துக்கொண்டேன். இந்த விதி நார்வே நாட்டுப் பேராசிரியர் ஸ்கோகெஸ்டாட் 2003-இல் வெளியிட்டது. அவர் தாமதத்தை இரண்டால் பெருக்கச் சொல்வார். நமக்குக் குளிர வைக்க வழியில்லாததால் நான் மூன்றாக வைத்து நிதானப்படுத்துகிறேன். பாடப்புத்தகங்களில் முதலில் வருவது சீக்லர், நிக்கல்ஸ் இருவரும் 1942-இல் சொன்ன முறை. அதில் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதில் கால்வாசியாகக் குறைந்தால் நல்லது என்பது இலக்கு. மேலேயும் கீழேயும் சமமாகத் தள்ள முடிகிற இடத்தில் அது பரவாயில்லை. உங்கள் தொட்டியில் ஒவ்வொரு மேல் ஆட்டத்துக்கும் 13 மடங்கு நேரத்தை விலையாகக் கொடுக்க வேண்டும், வேண்டாம்.

10-இலிருந்து 60-க்குத் தாவுவது பயமாக இருக்கும். கொஞ்சம் பொறுமையாக இதைப் பாருங்கள். உங்கள் தொட்டி ஒரு உண்டியல்; போட்ட வெப்பம் எளிதில் வெளியே வராது. இன்டக்ரலும் அதே மாதிரி சேர்த்து வைப்பதுதான். சேர்த்து வைக்கிற இரண்டு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால், ஒன்று நிரம்பித் தாண்டிய பிறகே மற்றது குறைக்க ஆரம்பிக்கும், அதனால் ஆட்டம் பிறக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது Kp மட்டுமே, அதுதான் பிழையைப் பார்த்த உடனே பதில் சொல்கிறது. கணக்காகச் சொன்னால், Kp, ஒரு சதவீதச் சரிவு, Ti மூன்றையும் பெருக்கினால் 4 பக்கம் வர வேண்டும். உங்களுடையதில் Ti என்பது 10 ÷ 0.02 = 500 விநாடி. பெருக்கினால் 0.875. நாலில் கால்வாசி கூட இல்லை. அதில் Kp-ஐ இன்னும் குறைத்தால் இரண்டு விதத்தில் அடி: Kp-உம் குறைகிறது, Ti-உம் கூடவே குறைகிறது. "இன்னும் மோசம்" என்று நீங்கள் கண்டது இதைத்தான்.

ஆட்டத்தைப் பார்த்து எது கோளாறு என்று சொல்ல, அதன் நேரத்தை அளந்தால் போதும். ஒரு ஏற்ற இறக்கம் முடிய இரண்டு மூன்று நிமிடம், அதாவது தாமதத்தைப் போல நாலைந்து மடங்குதான் ஆகிறது என்றால் Kp அதிகம், குறையுங்கள். முக்கால் மணி, ஒரு மணி என்று சோம்பலாக ஆடினால் Ki அதிகம், அல்லது Kp குறைவு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தொட்டி அடங்காது.

புது எண்களோடு ஓட்டினால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 28-இலிருந்து 41.3 வரை ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கும், `iTerm` பூஜ்யத்திலேயே நிற்கும். 41.3-ஐத் தாண்டும்போதுதான் பிழையின் 60 மடங்கு 100-க்குக் கீழே வருகிறது. அங்கிருந்து சூடு படிப்படியாகக் குறையும், இன்டக்ரல் எழ ஆரம்பிக்கும். 43-ஐத் தொடும்போது அது 25 என்ற எல்லையை ஒட்டி வந்திருக்கும், தேவையான 7-ஐ விட அதிகம். அதனால் ஒரு சின்னத் தாண்டல் இருக்கும், 43.3 அல்லது 43.4. அதிலிருந்து ஐந்தாறு நிமிடத்தில் இறங்கி, `iTerm` மெல்ல 7-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த மதிப்பையும் வெப்பநிலையோடு சேர்த்து அச்சிட்டுப் பாருங்கள். தொட்டி நிலைத்த பிறகு `iTerm` 25-இல் முட்டிக்கொண்டே இருந்தால் எல்லை போதவில்லை, அல்லது மூடி சரியாக மூடவில்லை.

டெரிவேட்டிவ் பகுதியை விட்டுவிட்டேன், தெரிந்தேதான். DS18B20 12 பிட்டில் 0.0625 டிகிரிப் படிகளாகத்தான் ஏறும். Kd 300 என்று வைத்து விநாடிக்கு ஒருமுறை கணக்கிட்டால், ஒரே ஒரு படி ஏறியதற்கு வெளியீடு 19 சதவீதம் துள்ளும், அடுத்த விநாடி திரும்பி வரும். 43-இல் உங்களுக்குத் தேவையே 7 சதவீதம். பி-யும் ஐ-யும் மட்டும் போதும். என்றாவது சேர்க்க வேண்டி வந்தால், பிழையின் மாற்றத்தை எடுக்காமல் வெப்பநிலையின் மாற்றத்தை எடுங்கள். இல்லாவிட்டால் செட் பாயிண்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு குதி குதிக்கும்.

அடுத்து, கணக்கு சரியாக இருந்தும் தொட்டி கெட்டுப்போகிற இடங்கள்.

7 சதவீதச் சூட்டை ஹீட்டருக்கு எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மெக்கானிக்கல் ரிலே என்றால் மாற்றுங்கள். இரண்டு விநாடிக்கு ஒருமுறை அது திறந்து மூடினால் ஒரு நாளைக்கு 43,200 தடவை. வழக்கமாக முழு லோடில் ஒரு லட்சம் தடவைக்குத்தான் அவற்றைச் செய்கிறார்கள். அசையும் பாகம் இல்லாத எலக்ட்ரானிக் ரிலேயான ஜீரோ கிராஸ் எஸ்எஸ்ஆர் வாங்குங்கள். 1500 வாட் என்பது 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர்தான், ஆனாலும் 40 ஆம்பியர் என்று அச்சிட்டதை ஹீட்சிங்க்கோடு வாங்குங்கள். மலிவு விலையில் வருகிற 25 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் சிலவற்றில் உள்ளே இருக்கும் ட்ரையாக் அந்த அளவுக்குத் தாங்காது. அது ஓடும்போது ஏழெட்டு வாட் வெப்பத்தையும் விடும், பிளாஸ்டிக் டப்பாவில் காற்றில்லாமல் அடைத்து வைக்காதீர்கள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு இரண்டு விநாடியையும் ஒரு ஜன்னலாக எடுத்து, அதில் கேட்ட சதவீத நேரம் மட்டும் ஹீட்டரை ஓட விடுவோம். ஒரு ஜன்னலில் 100 சுழற்சி வரும், ஆக ஒரு சதவீதம் என்பது ஒரு முழுச் சுழற்சி. கணக்குக்கு அழகாகப் பொருந்துகிறது.

```cpp
const unsigned long WIN = 2000;
unsigned long w0 = 0;

void drive(float u) {
  unsigned long now = millis();
  if (now - w0 >= WIN) w0 += WIN;
  digitalWrite(SSR, (now - w0) < u * WIN / 100 ? HIGH : LOW);
}
```

`drive` லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஓட வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வது. DS18B20 12 பிட்டில் ஒரு முறை அளக்க 750 மில்லிவிநாடி எடுக்கும். லைப்ரரி சும்மா விட்டால் அவ்வளவு நேரமும் புரோகிராமை நிறுத்திவைக்கும். 7 சதவீதம் என்றால் எஸ்எஸ்ஆர் 140 மில்லிவிநாடி மட்டும் ஓட வேண்டும். சரியாக அந்த நேரத்தில் புரோகிராம் காத்திருக்கப் போய்விட்டால், எஸ்எஸ்ஆர் 750 மில்லிவிநாடி ஆனிலேயே இருக்கும். 37 சதவீதம் சூடு போகும். Kp, Ki எல்லாம் சரியாக இருந்தும் வெப்பநிலை காரணமில்லாமல் மேலே போனால் முதலில் இதைப் பாருங்கள். `setup()`-இல் ஒரு வரி போதும்:

```cpp
sensors.setWaitForConversion(false);
```

அப்புறம் `requestTemperatures()` கூப்பிட்டு, ஒரு விநாடி கழித்துப் படித்து, `control`-ஐ ஓட்டி, உடனே அடுத்ததைக் கேளுங்கள். இடையில் `delay()` எங்கேயும் வேண்டாம்.

பம்ப் என்றேனே, அது மீன் தொட்டிக்குப் போடுகிற சின்ன நீர்மூழ்கி பம்ப்தான். டவுனில் எந்த மீன் கடையிலும் கிடைக்கும், 45 டிகிரித் தண்ணீரைத் தாங்குமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். கலக்காத தொட்டியில் சூடான தண்ணீர் மேலே ஏறி நிற்கும், அடியில் இருக்கும் சென்சாருக்கு நெடுநேரம் ஒன்றும் தெரியாது. தாமதம் 30 விநாடிக்குப் பதில் இரண்டு நிமிடம் ஆனால், மேலே உள்ள விதிப்படி Kp 16-க்கு இறங்கிவிடும். எந்த டியூனிங்கை விடவும் இந்தப் பம்ப் செய்கிற உதவி அதிகம். சென்சாரை ஹீட்டருக்குப் பக்கத்தில் கட்டாமல், பம்ப்பின் நீர் வந்து அடிக்கிற இடத்தில், பாத்திரங்களின் பாதி உயரத்தில் வையுங்கள். DS18B20-இன் துல்லியம் அரை டிகிரி கூடக் குறைய இருக்கலாம். ஐஸ் கட்டியை நொறுக்கித் தண்ணீரில் கலக்கி அதில் வைத்துப் பாருங்கள்; 0-க்கு எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதைப் புரோகிராமில் கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே தொட்டியில் இருப்பதைப் பற்றி. எஸ்எஸ்ஆர் கெடும்போது பெரும்பாலும் ஆனிலேயே, அதாவது கரண்ட் போய்க்கொண்டே கெடும். அப்போது உங்கள் கன்ட்ரோலர் 0 என்று கத்தினாலும் ஹீட்டர் கேட்காது. எனவே ஹீட்டரோடு தொடராக ஒரு பைமெட்டல் கட்அவுட் கட்டாயம் வேண்டும். KSD301 வகையில் 60 டிகிரியில் கரண்டைத் துண்டிப்பது, 10 ஆம்பியர், கையால் அழுத்தி மீட்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. எவர்சில்வர் தொட்டியின் வெளிச்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இறுக்கி ஒட்டினாற்போல் பொருத்துங்கள். அணைந்திருக்கும்போதும் எஸ்எஸ்ஆர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசியும். தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும், ஆர்டுயினோவை அணைத்தால் போதாது. தொட்டி உலோகத்துக்கு எர்த் கொடுங்கள். கரண்ட் கசிந்தால் துண்டிக்க வீட்டு மெயினில் இருக்கும் ஆர்சிசிபி பல வீடுகளில் 100 மில்லிஆம்பியர், அது ஆளைக் காப்பாற்றப் போட்டது இல்லை. தொட்டி இருக்கும் பிளக்குக்குத் தனியாக 10 அல்லது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை வயர்மேனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் கட்டி முடித்ததும், பால் வைக்கும் முன் ஒரு நாள் வெறும் தண்ணீரில் ஓட்டுங்கள். 43-இல் நிலைத்த பிறகு, ஒரு லிட்டர் தண்ணீரை முகந்து எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரை ஊற்றுங்கள். தொட்டி 0.7 டிகிரி பக்கம் விழும். ஹீட்டர் உடனே 50 சதவீதம் பக்கம் எழுந்து, ஐந்து நிமிடத்துக்குள் 43-ஐத் தொட்டு, 43.4-ஐத் தாண்டாமல் இருந்தால் டியூனிங் முடிந்தது. கட்அவுட்டையும் அன்றே சோதியுங்கள்: பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஹீட்டரை கன்ட்ரோலர் இல்லாமல் நேராகப் போட்டு, 60 பக்கம் வந்ததும் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அது சுவரில் சரியாகப் பதியவில்லை.

வியாபாரம் கூடி 40 லிட்டர் தொட்டிக்கு இதே ஹீட்டரைப் போட்டால், சரிவு பாதியாகும், ஆக Kp இரண்டு மடங்கு, 120. தாமதம் மாறாவிட்டால் Ti அதே 360, Ki 0.33. ஆனால் பெரிய தொட்டியில் அதே பம்ப் அவ்வளவு வேகமாகக் கலக்காது, தாமதம் கூடியிருக்கும். அந்த ஏழெட்டு நிமிடச் சோதனையை மறுபடி ஒரு தடவை செய்துவிட்டு எண்களைப் போடுங்கள்.